பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் எதற்கு? வீட்டுப் பெரியவர்களுக்கு யுபிஐ பாடம் தயாரிக்கிறவர்களுக்கு

"ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க, பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க." பெரியவர்களுக்குப் போனில் பணம் அனுப்பச் சொல்லிக் கொடுக்க ஸ்லைடு தயாரிக்கிற எல்லோரும் முதல் பக்கத்தில் இதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் வயதானவர்களைக் குறிவைக்கும் ஒரு பழகிய ஏமாற்று வேலையில் பின் நம்பரை யாரும் கேட்பதே இல்லை. பணத்தை இழப்பவரே தன் கையால், தன் போனில், யாருக்கும் சொல்லாமல் அதைப் போடுகிறார். "எனக்குச் சொல்லாதீங்கம்மா, நீங்களே ரகசியமா போடுங்க" என்று எதிர்முனையில் இருப்பவனே அறிவுரை சொல்வான். நம் முதல் ஸ்லைடு சொன்னதை அந்த அம்மா அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருப்பார். பணமும் போயிருக்கும்.

அதனால் ஸ்லைடு தயாரிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை நடுவில் வைத்து, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைக்க வேண்டும் என்பது என் கருத்து: பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ஏன் தேவையில்லை என்பது புரிந்துவிட்டால், புதிதாக எந்தக் கதையோடு எவன் வந்தாலும் பெரியவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

## குழப்பம் எங்கிருந்து வருகிறது

வட சென்னையில் போனில் பணம் கொடுக்காமல் இருப்பது இப்போது கஷ்டம். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை, காசிமேட்டு மீன், தெருமுனை இட்லிக் கடை என்று எங்கே போனாலும் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. க்யூஆர் என்பது கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்தச் சதுரப் படம். பெரியவர்கள் இதை யாரிடமும் பாடமாகக் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துப் பழகினார்கள். ஸ்கேன் செய்கிறார்கள், பின் நம்பர் போடுகிறார்கள், கடையில் இருக்கும் ஸ்பீக்கர் தொகையைச் சத்தமாகச் சொல்கிறது, வேலை முடிந்தது.

இதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் மனதில் பதிவது என்ன? பின் நம்பர் போட்டால் "கொடுக்கல் வாங்கல் முடிந்தது" என்று பதிகிறது. "என் கணக்கிலிருந்து பணம் கிளம்பியது" என்று பதிவதில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான ஒரு கடைசிப் பட்டன் போல அதை நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைப்பவரிடம் ஒருவன் வந்து, "பணம் அனுப்பிட்டேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்கோங்க" என்றால் அதில் தப்பாக எதுவும் தோன்றாது. ஸ்லைடு சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான்.

## வங்கிச் சீட்டு

பெரியவர்களுக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டு. ஐசிஎப்பிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ வருடம் அந்தச் சீட்டில் எழுதியிருப்பார்கள்.

நம் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் கவுன்ட்டரில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரி, நம் கணக்கில் மகன் பணம் போட்டால்? நம் கையெழுத்தை யாராவது கேட்டார்களா? நாம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பணம் கணக்கில் ஏறிவிடும். பென்ஷன் மாதாமாதம் அப்படித்தான் ஏறுகிறது. பணம் போடுகிறவருக்குத் தெரிய வேண்டியது நம் கணக்கு எண் மட்டும்தான்.

யுபிஐ பின் நம்பர் என்பது அந்தக் கையெழுத்து. இதற்கு மூன்று ஸ்லைடு போதும். முதலாவதில் பணம் எடுக்கும் சீட்டின் படம், கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். இரண்டாவதில் போனின் பின் நம்பர் பக்கம், அதே இடத்தில் அதே சிவப்பு வட்டம். மூன்றாவதில் ஒரே கேள்வி: "உங்க கணக்குல வேற ஒருத்தர் பணம் போட, உங்க கையெழுத்து எதுக்கு?" இந்த மூன்றாவது ஸ்லைடில் பதிலை எழுதாதீர்கள். அவர்களே வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருங்கள். அவர்களாகச் சொன்ன பதில்தான் அவசர நேரத்தில் நினைவுக்கு வரும்.

## உள்ளே என்ன நடக்கிறது

இப்போது உண்மையான இயக்கம். யுபிஐ என்பது ஒரு ஆப் அல்ல. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு உடனே பணம் மாற்றுவதற்காக நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் 2016இல் தொடங்கிய பொதுவான ஏற்பாடு. போனில் இருக்கும் பச்சை, ஊதா, நீல ஆப் எல்லாம் அதற்குள் நுழைவதற்கான கதவுகள்தான். பணம் எப்போதும் வங்கியில்தான் இருக்கிறது. "ஆப்பை அழிச்சிட்டா பணம் போயிடுமா?" என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். போகாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

நான்கு அல்லது ஆறு இலக்க பின் நம்பரைப் போட்டதும் அது பூட்டிய வடிவில் உங்கள் சொந்த வங்கிக்குப் போகிறது. உங்கள் வங்கிதான் அதைச் சரிபார்க்கிறது. சரியாக இருந்தால் உங்கள் கணக்கில் தொகையைக் கழிக்கிறது. அதற்குப் பிறகுதான் எதிர்த்தரப்பு வங்கி தன் வாடிக்கையாளர் கணக்கில் அதைக் கூட்டுகிறது. கூட்டும் பக்கத்தில் பின் நம்பர் கேட்பதற்கு ஓர் இடமே இல்லை. ஏமாற்றுக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்த அமைப்பை அவனால் மாற்ற முடியாது. அதனால்தான் இதை நம்பிப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பின் நம்பரைச் சரிபார்ப்பது போடுகிறவரின் வங்கி. அந்த வங்கி செய்யக்கூடியது அவருடைய கணக்கிலிருந்து கழிப்பது. பணம் வாங்குபவர் எதையும் போட வேண்டியதில்லை.

## க்யூஆர் படத்துக்குள் என்ன இருக்கிறது

பல பேர் க்யூஆர் படத்தை ஏதோ மந்திரச் சதுரம் போலப் பேசுகிறார்கள். அதற்குள் இருப்பது ஒரு வரி எழுத்து. கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=xxxx@bank&pn=RENT%20ADVANCE&am=20000&cu=INR
```

`pay` என்றால் "கொடு". `pa` யாருக்கு என்ற முகவரி. `pn` பெயர். `am` தொகை. அதாவது மேலே சொன்ன பணம் எடுக்கும் சீட்டில் யாருக்கு, எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு நம் கையில் கொடுப்பது. ஸ்கேன் செய்கிறவர் எப்போதும் கொடுப்பவர்தான். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் நம்முடைய க்யூஆரை மற்றவர் ஸ்கேன் செய்ய வேண்டும்.

இந்த வரியைப் பெரியவர்களுக்குக் காட்ட வேண்டாம். தயாரிக்கிற உங்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு முக்கியமான ஓட்டை இருக்கிறது. `pn` என்ற இடத்தில் இருக்கும் பெயரை க்யூஆரை உருவாக்குகிறவன் தன் இஷ்டத்துக்கு எழுதலாம். "வாடகை அட்வான்ஸ்" என்றோ, "ரீஃபண்ட்" என்றோ போட்டுக்கொள்ளலாம். வங்கியில் பதிவாகியிருக்கும் பெயரை மாற்ற முடியாது. ஆப்கள் இப்போது அந்தப் பெயரைத்தான் காட்ட வேண்டும் என்ற விதி 2025ஆம் ஆண்டின் நடுவில் வந்தது. சில ஆப்களில் அது "Banking name" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த இடத்தைப் பெரிதாக்கி ஒரு ஸ்லைடு வையுங்கள். தெரிந்தவருக்கு அனுப்பும்போதும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் பின் நம்பர் போட வேண்டும்.

## மாடி போர்ஷன் கதை

விளக்கம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு கதை இல்லாமல் ஒட்டாது. கதை அவர்கள் வாழ்க்கையில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். லாட்டரிப் பரிசு, வெளிநாட்டுப் பார்சல் என்று வைத்தால் "நமக்கு அதெல்லாம் வராது" என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் பக்கத்துக்குப் பொருந்துவது வாடகைக் கதை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியம்மா மாடி போர்ஷனை வாடகைக்கு விட விளம்பரம் கொடுக்கிறார். ஒருவன் கூப்பிடுகிறான். "அம்மா, நான் ஆர்மில இருக்கேன். சென்னைக்கு மாத்தலாயிருக்கு. வீட்டை போட்டோல பார்த்தேன், பிடிச்சிருக்கு. இருபதாயிரம் அட்வான்ஸ் இப்பவே அனுப்பிடறேன்." நேரில் வராமல், பேரம் பேசாமல் ஒருவன் பணம் தருகிறேன் என்கிறான். இதுவே முதல் சந்தேகம். ஆனால் வீடு காலியாகக் கிடக்கும்போது அந்தச் சந்தேகம் அடங்கிவிடும்.

அடுத்து நடப்பதை ஒவ்வொரு படியாக ஒவ்வொரு ஸ்லைடில் காட்ட வேண்டும், ஏனென்றால் ஏமாற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவன் முதலில் ஐந்து ரூபாய்க்கு ஒரு க்யூஆர் அனுப்புகிறான். "எங்க ஆபீஸ் ரூல்ஸ்மா, கணக்கு சரியான்னு செக் பண்ணணும். பெரியப்பா போன்ல படத்தைத் திறந்து, உங்க போன்ல ஸ்கேன் பண்ணுங்க." பெரியம்மா ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுகிறார். ஐந்து ரூபாய் அவனுக்குப் போகிறது. அடுத்த நிமிடம் அவன் தன் போனிலிருந்து பத்து ரூபாய் அனுப்புகிறான். பெரியம்மாவின் போனில் பத்து ரூபாய் வந்ததாக வங்கியின் எஸ்எம்எஸ் வருகிறது. அது உண்மையான எஸ்எம்எஸ்.

இப்போது பெரியம்மா என்ன முடிவுக்கு வருவார்? "பின் நம்பர் போட்டேன், பணம் வந்தது." நடந்தவை இரண்டு தனித்தனிப் பரிமாற்றங்கள். ஒன்றில் பெரியம்மா கொடுத்தார், இன்னொன்றில் அவன் கொடுத்தான். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. ஐந்து ரூபாய் செலவில் அவன் ஒரு பொய்யான பாடத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டான். பிறகு இருபதாயிரம் ரூபாய்க்கான க்யூஆர் வருகிறது. பெரியம்மா தயங்காமல் பின் நம்பர் போடுகிறார். இருபதாயிரம் போகிறது. "ஐயோ, டெக்னிக்கல் பிராப்ளம்மா, இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்துடும்" என்பான். இரண்டாவது இருபதாயிரமும் போகும்.

ஸ்லைடில் இந்தக் கதையை இடது பக்கம் வைத்து, வலது பக்கம் பெரியம்மாவின் பாஸ்புக் பக்கம் போல ஒரு சின்ன அட்டவணை வரையுங்கள். 5 பற்று, 10 வரவு, 20,000 பற்று, 20,000 பற்று. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் "பின் நம்பர் போட்டாரா?" என்று ஒரு கட்டம். பற்று வரிகள் மூன்றிலும் "ஆம்". வரவு வரியில் மட்டும் "இல்லை". பாஸ்புக் படித்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும். நான் இந்தப் பாடத்தில் ஒரே ஒரு ஸ்லைடைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

## படங்களை எடுக்கும்போது

முதலில் அவர்கள் பயன்படுத்தும் அதே ஆப், அதே மொழியில் படம் எடுங்கள். உங்கள் போனில் ஆங்கிலத்தில் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு, அவர் போனில் தமிழில் வேறு இடத்தில் இருந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

பின் நம்பர் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் பெரும்பாலான போன்கள் விடாது. படம் கறுப்பாக வரும் அல்லது அனுமதி இல்லை என்று சொல்லும். அது கோளாறு அல்ல, பாதுகாப்புக்காகச் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நீங்களே வரைந்துகொள்ளலாம்: மேலே வங்கியின் பெயர், யாருக்கு, எவ்வளவு என்ற விவரம், நடுவில் `UPI PIN` என்ற எழுத்து, கீழே எண்கள். வரைந்த படத்தில் தொகை இருக்கும் இடத்தைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். பெரியவர்கள் கீழே எண்களைத்தான் பார்ப்பார்கள், மேலே கண் போகாது. அங்கே கண்ணைக் கொண்டுபோவது ஸ்லைடின் வேலை.

மற்ற ஸ்க்ரீன்ஷாட்களில் போன் நம்பர், யுபிஐ முகவரி, கணக்கின் கடைசி எண்கள், க்யூஆர் எல்லாவற்றையும் அழுத்தமான நிறத்தில் மூடிவிடுங்கள். வெறுமனே மங்கலாக்கினால் போதாது. க்யூஆர் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஸ்கேன் ஆகிவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் படம் அங்கேயே நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு ஸ்லைடில் ஒரு படம், அதிகம் போனால் இரண்டு வரி. இதைப் பெரும்பாலானவர்கள் கணினியில் பார்க்கப்போவதில்லை, போனிலோ டிவியிலோதான் பார்ப்பார்கள். அதனால் பிடிஎஃப் ஆக்கி, ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளிலும் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். தாள் என்றால் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும், தேட வேண்டியதில்லை. மூலையில் மாதமும் வருடமும் எழுதுங்கள், ஆப் அடிக்கடி தோற்றத்தை மாற்றும்.

## விதிக்கு அடங்காத சில இடங்கள்

"பின் நம்பர் போட்டாலே பணம் போகும்" என்று சுருக்கிச் சொல்ல ஆசையாக இருக்கும். அது முழு உண்மை இல்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் பின் நம்பர் கேட்கும், அப்போது பணம் போகாது. தவறாகச் சொல்லிக் கொடுத்தால், இருப்பைப் பார்க்கும் முதல் நாளே நம் பாடத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். "பணம் வர பின் நம்பர் வேண்டாம்" என்ற வடிவம்தான் எப்போதும் சரியாக இருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், பின் நம்பர் இல்லாமல் பணம் போகும் வழிகளும் இருக்கின்றன. யுபிஐ லைட் என்பது சின்னச் செலவுக்காக ஆப்பில் தனியாக எடுத்து வைக்கும் தொகை. அதிலிருந்து ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமல் போகும். ஆட்டோபே என்பது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுப்பது. அதில் தொடக்கத்தில் ஒருமுறை பின் நம்பர் போட்டுவிட்டால், பிறகு பெரும்பாலும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். பின் நம்பருக்குப் பதில் கைரேகை வைக்கும் வசதியும் வந்திருக்கிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இந்த மூன்றையும் பெரியவர்கள் போனில் தொடாமல் விடுவது நல்லது. ஒரே விதி எல்லா இடத்திலும் பொருந்தினால்தான் மனதில் நிற்கும்.

எந்த விதியும் கைவிடும் நாள் ஒன்று வரலாம். அதற்கு ஒரு தடுப்புச் சுவர்: பென்ஷன் வரும் கணக்கை, டெபாசிட் இருக்கும் கணக்கை ஆப்பில் இணைக்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, அதை மட்டும் இணையுங்கள். அந்தக் கணக்கில் மூவாயிரம் ரூபாய்தான் இருந்தால் இருபதாயிரத்துக்கான க்யூஆருக்கு எத்தனை தடவை பின் நம்பர் போட்டாலும் வங்கி மறுத்துவிடும்.

## புரிந்ததா என்று பார்ப்பது

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதைவிட நிலைமைகளைக் கொடுத்துக் கேளுங்கள். கேஸ் மானியம் வந்திருக்கிறது, பின் நம்பர் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா? மீன்காரம்மா நூற்றைம்பது ரூபாய் கேட்கிறார், பின் நம்பர் பக்கம் வந்திருக்கிறது. போடலாமா? பேரன் ஊரிலிருந்து ஐநூறு அனுப்பியிருக்கிறான். நீங்கள் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு "ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று பதில் வந்தால் பாடம் ஏறியிருக்கிறது. பிறகு அவர் போனுக்கு ஒரு ரூபாய் அனுப்பிவிட்டு, போனைத் தொடாமல் உட்காரச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ் தானாக வரும். அடுத்து அவரை உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பின் நம்பர் பக்கம் இந்தத் தடவைதான் வருகிறது என்பதை அவரே பார்ப்பார்.

## கடைசி ஸ்லைடு

கடைசி ஸ்லைடு பணம் போய்விட்ட நேரத்துக்கானது. அந்த நேரத்தில் கண் சரியாகத் தெரியாது, கை நடுங்கும். அதனால் அதில் 1930 என்ற எண் மட்டும் பக்கம் நிறைய இருக்கட்டும். அதுதான் நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். உடனே கூப்பிட்டால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இருக்கும்போதே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் பணத்தை வேகமாக வேறு கணக்குகளுக்கு மாற்றிவிடுவார்கள், அதனால் "சாயந்திரம் பையன் வந்ததும் சொல்லலாம்" என்று காத்திருக்கக் கூடாது.

அதன் கீழே வங்கியின் எண். அதை டெபிட் கார்டின் பின்பக்கத்திலிருந்து பார்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள். கூகுளில் தேடினால் போலி உதவி எண்கள் கிடைக்கும், அங்கே இரண்டாவது ஏமாற்று தொடங்கும். கூப்பிடும்போது கேட்கப்படும் ஒரு விவரம் பரிமாற்றத்தின் 12 இலக்க எண். ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் அது தெரியும். அந்த இடத்தை அம்புக்குறியோடு காட்டும் படம் ஒன்றை 1930 இருக்கும் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள். புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம், அதை வீட்டில் இளையவர் யாராவது பார்த்துக்கொள்வார்கள். பெரியவர் செய்ய வேண்டியது அந்த நான்கு எண்ணை அழுத்துவது மட்டும். திட்டுவார்கள் என்ற பயத்தில் பலர் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். அதனால் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: "முதல்ல இதுக்கு அடிங்க, அப்புறம் எனக்கு அடிங்க. நான் திட்ட மாட்டேன்."